மனதில் இருப்பதைச் சொல்லிவிடும் பெண்ணுக்குக் கொள்முதல் வேலை ஆகுமா?

"கேட்டால் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிற பெண், கொள்முதல் வேலைக்குப் போனால் ஏமாந்து நிற்பாள். கடன் வாங்கியாவது எம்.பி.ஏ. சேர்த்துவிடு என்று சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் பயத்தில் பாதி நியாயம் உண்டு. அதற்காகக் கடன் வாங்காதீர்கள். வாயை மூடிக்கொள்வதுதான் பேரம் என்ற எண்ணமே தவறு.

ஒரு கணக்குப் பார்ப்போம். பேச வேண்டியவை இரண்டு: சரக்கு வரும் நாள், பணம் தரும் நாள். உங்கள் மகளுக்குச் சரக்கு சீக்கிரம் வந்தால் 70 மதிப்பெண், பணத்தைத் தாமதமாகக் கொடுத்தால் 30. விற்பவருக்குப் பணம் சீக்கிரம் கிடைத்தால் 70, சரக்கைத் தாமதமாக அனுப்பினால் 30. இருவரும் மறைத்தால் இரண்டையும் பாதிப் பாதியாகப் பிரிப்பார்கள், ஆளுக்கு 50. இருவரும் மனம் திறந்தால் சரக்கு அவள் கேட்ட நாளில், பணம் அவர் கேட்ட நாளில், ஆளுக்கு 70. அவள் மட்டும் திறந்தால்? விற்பவர் பணம் தரும் நாளை முழுதாகத் தன் விருப்பப்படி வாங்கிக்கொண்டு, தனக்கும் சரக்கு நாள்தான் உயிர் என்று நடித்து அதிலும் பாதியைப் பிடுங்குவார். அவருக்கு 85, அவளுக்கு 35. இதற்குப் பேரம் பேசுபவரின் இக்கட்டு என்று 1986இல் பெயர் கொடுத்தவர்கள் பேர ஆய்வாளர்களான டேவிட் லாக்ஸ், ஜேம்ஸ் செபேனியஸ். நீங்கள் பயப்படுவது அந்த 35-க்கு. இருவரும் ஊமையாக இருந்தால் 50-க்கு மேல் நகராது என்பதையும் பாருங்கள்.

அவள் பழக வேண்டியது எதைச் சொல்வது, எதைச் சொல்லாமல் வைப்பது என்பதை. எது முக்கியம் என்ற வரிசையைச் சொல்லலாம். எந்த எல்லைவரை இறங்குவாள், கையில் வேறு விற்பனையாளர் உண்டா என்பதைச் சொல்லக் கூடாது. வரிசையையும் ஒரே மூச்சில் கொட்டாமல் ஒன்று சொல்லி, பதிலுக்கு ஒன்று வரும்வரை காத்திருக்க வேண்டும். கேள்வி மட்டும் கேட்டுக்கொண்டு பதில் தராதவர், எதைக் கேட்டாலும் "இதுதான் எங்களுக்கு முக்கியம்" என்பவர், இந்த இரண்டு வகையிடமும் அதோடு நிறுத்திவிடலாம்.

அப்போதும் ஒரு வழி இருக்கிறது. தனக்குச் சம மதிப்புள்ள இரண்டு திட்டங்களைச் சேர்த்து நீட்டுவது: சரக்கு சீக்கிரம், பணமும் சீக்கிரம் (அவளுக்கு 70), அல்லது சரக்கு ஓரளவு தாமதம் (40), பணமும் தாமதம் (30). விற்பவர் முதலாவதை எடுத்தால், அவர் சொல்லாமலே, அவளைவிட அவருக்குப் பண நாள் பெரிது என்று தெரிந்துவிடும். அதையும் அப்படியே நம்பிவிடாமல், தாமதமானால் இவ்வளவு பிடித்தம் என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்க வேண்டும். பணத்தை வாங்கிய பிறகு சரக்கை இழுத்தடிப்பதுதான் இங்கே வழக்கமான ஓட்டை.

விலை ஒன்றே பேச்சு, அதுவும் ஒருமுறை வியாபாரம் என்றால் இவை எதுவும் உதவாது. அங்கே மறைப்பதுதான் சரி.

அவளுக்கு விருப்பம் கொள்முதல் என்றால் ஒரு கொள்முதல் பிரிவில் உதவியாளராகச் சேரட்டும். முதல் ஆறு மாதம் பேரம் பேசவே வேண்டாம். பழைய ஒப்பந்தங்களை எடுத்து, இருபக்கமும் எதை விட்டு எதை வாங்கின என்று மேலே உள்ளதுபோல மதிப்பெண் போட்டுப் பார்க்கட்டும். எம்.பி.ஏ. பேச்சை அதற்குப் பிறகு அவளே எடுத்தால் எடுக்கட்டும். சொந்தக்காரர்கள் எடுக்க வேண்டாம்.