விற்ற பொருளைத் திரும்பப் பெறும் அறிவிப்பை எப்படித் திருத்துவது? கேள்வி பதில்

கேள்வி: எங்கள் அறிவிப்பு இப்படித் தொடங்குகிறது: "வாடிக்கையாளர் நலனில் என்றும் அக்கறை கொண்ட எங்கள் நிறுவனம், வழக்கமான தரப் பரிசோதனையின்போது, சில மின்சார கெட்டில்களின் கைப்பிடி அரிதான சூழ்நிலைகளில் தளரக்கூடும் என்று கண்டறிந்து, முன்னெச்சரிக்கையாக, தாமாகவே முன்வந்து..." இதில் எதை வெட்டுவது?

பதில்: "மின்சார கெட்டில்" என்ற சொல் வருவதற்குள் படிப்பவர் போய்விடுவார். அதற்கு முன்னால் இருப்பது எல்லாம் நிறுவனம் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வது, அது போகட்டும். "தளரக்கூடும்" என்பதும் போதாது. தளர்ந்தால் என்ன ஆகும் என்பதுதான் ஆபத்து. நான் இப்படி மாற்றுவேன்:

"பாதுகாப்புக்காகத் திரும்பப் பெறப்படுகிறது: மின்சார கெட்டில், மாடல் 4170. இதைப் பயன்படுத்துவதை உடனே நிறுத்துங்கள். கைப்பிடி கழன்று, கொதிநீர் உங்கள் மேல் கொட்டலாம்."

எந்தப் பொருள், என்ன செய்ய வேண்டும், ஏன் என்ற மூன்றும் வந்துவிட்டன. பணம் திரும்பக் கிடைக்குமா, மாற்றுப் பொருளா, யாரை அழைப்பது என்பவை அடுத்த பத்தியில் வரட்டும். பரிசோதனை பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும் என்றால் கடைசியில் ஒரு வரி போதும்.

கேள்வி: மாடல் எண்ணைத்தானே தலைப்பில் பெரிதாகப் போட வேண்டும்? எண் பொருந்தினால் எடுத்து வைப்பார்கள், இல்லையென்றால் விட்டுவிடுவார்கள்.

பதில்: பாதி சரி. எண் கட்டாயம் வேண்டும். ஆனால் தன் வீட்டு கெட்டிலின் மாடல் எண் யாருக்கும் நினைவிருக்காது. "கெட்டில்" என்ற சொல்லும், ஒரு தெளிவான படமும், எந்த மாதங்களில் விற்கப்பட்டது என்பதும்தான் ஒருவரைத் தன் கெட்டிலைத் திரும்பிப் பார்க்க வைக்கும். எண் அதற்குப் பிறகுதான் உதவும்.

இதில் பலர் கவனிக்காத சிக்கல் ஒன்று உண்டு. கெட்டிலின் எண் பெரும்பாலும் அடிப்பாகத்தில் இருக்கும். "அடியில் உள்ள எண்ணைப் பாருங்கள்" என்று மட்டும் எழுதினால், உள்ளே வெந்நீர் இருக்கும்போதே, கழன்றுவிடக்கூடிய அந்தக் கைப்பிடியைப் பிடித்து ஒருவர் கவிழ்த்துப் பார்ப்பார். எந்த ஆபத்தைத் தடுக்க நினைத்தோமோ, அதை அறிவிப்பே உண்டாக்கிவிடும். அதனால் வரிசை முக்கியம்: "பிளக்கைக் கழற்றுங்கள். நன்றாக ஆறும்வரை தொடாதீர்கள். கைப்பிடியை விட்டு, கெட்டிலின் உடலை இரண்டு கைகளாலும் பிடித்துத் தண்ணீரைக் கொட்டுங்கள். அப்புறம் கவிழ்த்து எண்ணைப் பாருங்கள்."

லேபிளில் வோல்ட், வாட், வரிசை எண் என்று பல எண்கள் இருக்கும். லேபிளின் படத்தைப் போட்டு, பார்க்க வேண்டிய எண்ணை வட்டமிடுங்கள். "தயாரிப்பு எண் 2306 முதல் 2311 வரை உள்ளவை மட்டும்" என்று எழுதினால், எண் அழிந்துபோன கெட்டிலை என்ன செய்வது என்பதையும் அங்கேயே சொல்லுங்கள்: படிக்க முடியாவிட்டால், பாதிக்கப்பட்டதாகவே கருதிப் பயன்படுத்தாமல் அழையுங்கள்.

கேள்வி: என் கெட்டில் வேறு நிறுவனத்துடையது. அதன் கைப்பிடியும் ஆடுகிறது. இந்த அறிவிப்பு எனக்கும் பொருந்துமா?

பதில்: பொருந்தாது. ஆனால் கைப்பிடி ஆடும் கெட்டிலில் தண்ணீர் கொதிக்க வைக்காதீர்கள். விற்றவரிடம் சொல்லுங்கள். அறிவிப்பு எழுதுபவர்களுக்கும் இதில் ஒரு குறிப்பு இருக்கிறது: நிறுவனத்தின் பெயர் முதல் திரையிலேயே தெரியாவிட்டால், இப்படிப்பட்ட அழைப்புகள் நிறைய வரும்.

கேள்வி: "தாமாக முன்வந்து", "அரிதாக" ஆகிய சொற்களை எடுக்கக் கூடாது என்று எங்கள் வழக்கறிஞர் பிடிவாதமாக இருக்கிறார். என்ன சொல்லி மாற்றுவது?

பதில்: ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கிறீர்கள் என்றால் வாதமே வேண்டாம். அங்கே 2024 டிசம்பர் 13 முதல் நடைமுறையில் உள்ள பொதுப் பொருள் பாதுகாப்பு ஒழுங்குமுறையின் 36ஆம் பிரிவைக் காட்டுங்கள். தாமாக முன்வந்து, முன்னெச்சரிக்கையாக, அரிதான சூழ்நிலைகளில் போன்ற, ஆபத்தைக் குறைத்துக் காட்டும் சொற்களைத் திரும்பப் பெறும் அறிவிப்பில் தவிர்க்க வேண்டும் என்கிறது அது. இதுவரை விபத்து எதுவும் பதிவாகவில்லை என்றும் எழுதக் கூடாது. வேறு நாடுகளில் சட்டம் வேறாக இருக்கும். அங்கே அவருடைய கவலைக்கும் இடம் கொடுக்கத்தான் வேண்டும். அப்போதும் அந்தச் சொற்கள் முதல் பத்தியில் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அப்படியென்றால் விபத்து நடந்திருந்தால் எத்தனை பேருக்குக் காயம் என்று மேலேயே போடலாமே? அதைப் பார்த்தால்தான் ஆட்கள் அசைவார்கள் என்பது என் அனுபவம்.

பதில்: எனக்குத் தயக்கம் இருக்கிறது. "இரண்டு பேருக்குக் காயம்" என்று படித்து, இரண்டே பேர்தானே என்று கெட்டிலை மறுபடி அடுப்படியில் வைப்பவரும் உண்டு. எண்ணிக்கையைக் கீழே போட்டு, மேலே "கொதிநீர் கொட்டிச் சிலருக்குத் தீக்காயம் ஏற்பட்டுள்ளது" என்று எழுதுவேன்.

கேள்வி கேட்டவர் மறுபடியும்: "சிலருக்கு" என்றால் மூடி மறைப்பதுபோல் இருக்கிறது. நான் எண்ணைத்தான் போடுவேன்.

பதில்: சரி, போடுங்கள். ஆனால் "நிறுத்துங்கள்" என்ற வரிக்குக் கீழே.