பழுப்பு முயல்களுக்குள் இருந்து கறுப்பும் வெள்ளையும் எப்படி வந்தன?

கேள்வி: அண்ணே, சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறேன், லயத்து வீட்டுக்குப் பின்னால் முயல் வளர்க்கிறேன். கறுப்பு ஆணையும் சிவப்புக் கண் வெள்ளைப் பெண்ணையும் சேர்த்தேன், குட்டிகள் எல்லாம் காட்டு முயல் மாதிரி பழுப்பு. அந்தப் பழுப்புகளை அவற்றுக்குள்ளேயே சேர்த்ததில் மொத்தம் 48 குட்டி: பழுப்பு 25, கறுப்பு 8, வெள்ளை 15. வேறு ஆண் எதாவது கூண்டுக்குள் புகுந்துவிட்டதா? எனக்குக் கறுப்புதான் வேண்டும்.

பதில்: தம்பி, உங்கள் கணக்கைப் பார்த்தால் வெளி ஆணைச் சந்தேகப்படத் தேவையே இல்லை. இந்த மாதிரி சேர்க்கையில் 9:3:4 என்று வரவேண்டும், 48 குட்டிக்கு அது 27, 9, 12. உங்களுக்கு வெள்ளை மூன்று கூடியிருக்கிறது, அவ்வளவுதான். மொத்தமே 48 குட்டிதான் என்பதால் இந்த அளவு ஏற்ற இறக்கம் சாதாரணம்.

இங்கே வேலை செய்வது இரண்டு மரபணு. ஒன்று C. முடிக்கு நிறம் தரும் மெலனினைச் செய்ய ஒரு நொதி வேண்டும், அந்த நொதியைத் தருவது இதுதான். இரண்டு பிரதியும் கெட்டுப்போய் cc ஆகிவிட்டால் உடம்பில் எங்குமே நிறம் உண்டாகாது, கண்ணில்கூட நிறம் இல்லாததால்தான் உள்ளே ஓடும் ரத்தம் சிவப்பாகத் தெரிகிறது. இன்னொன்று A. இது நிறத்தைச் செய்வதில்லை, ஒவ்வொரு முடியிலும் கறுப்புக்கு நடுவே ஒரு மஞ்சள் பட்டை விழச் செய்கிறது, தூரத்திலிருந்து பார்க்கும்போது அந்தக் கலவைதான் நமக்குப் பழுப்பு. பழுப்பு முயலின் முதுகு முடியை வாயால் ஊதிப் பாருங்கள், வளையம் வளையமாகத் தெரியும். aa என்றால் பட்டை விழாது, முடி முழுவதும் கறுப்பு.

உங்கள் கறுப்பு ஆண் aaCC. வெள்ளைப் பெண் AAcc, அதாவது பட்டை போடும் மரபணு அவளிடம் இருந்தது, ஆனால் பட்டை போட நிறமே இல்லை. குட்டிகள் எல்லாம் AaCc ஆனதால் அப்பாவின் நிறமும் அம்மாவின் பட்டையும் சேர்ந்து பழுப்பு வந்தது.

அடுத்த தலைமுறையில் இரண்டு மரபணுவும் தனித்தனியாகப் பிரிகின்றன, வேறு வேறு குரோமோசோமில் இருப்பதால் ஒன்று போகும் வழியில் மற்றது போக வேண்டும் என்றில்லை. பதினாறு பங்கில் ஒன்பதுக்கு A, C இரண்டும் கிடைக்கும், பழுப்பு. மூன்றுக்கு C மட்டும், கறுப்பு. இன்னொரு மூன்றுக்கு A மட்டும், கடைசி ஒன்றுக்கு இரண்டுமே இல்லை. வழக்கமான 9:3:3:1 இதுதான். ஆனால் கடைசி இரண்டு வகையும் cc, பட்டை மரபணு இருந்தாலும் இல்லாவிட்டாலும் வெள்ளைதான், கண்ணுக்கு ஒரே மாதிரி. மூன்றும் ஒன்றும் நான்கு. ஒரு மரபணு இன்னொன்றின் வேலையை இப்படி மறைப்பதற்குத்தான் எபிஸ்டாசிஸ் என்று பெயர், நூறு வருடத்துக்கு முன்பு மரபியல் அறிஞர் பேட்சன் வைத்தது. ஒரே மரபணுவின் இரு பிரதிகளில் ஒன்று மற்றதை அடக்கும் ஓங்குத்தன்மையோடு இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள், இது இரண்டு வேறு மரபணுக்களுக்கு இடையே நடப்பது.

வெள்ளை கூடியதற்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். பிறந்த குட்டிக்கு முடி இருக்காது, முதல் நாளே செத்ததை வெள்ளை என்று எழுதியிருந்தால் கணக்கு மாறும். பத்து நாள் வாக்கில் கண் திறந்த பிறகு எண்ணுங்கள். வெள்ளையின் கண் நீலமாக இருந்தால் அது வேறு மரபணு, நான் சொன்ன கணக்கு அதற்குப் பொருந்தாது.

சரி, கறுப்புக்கு வருவோம். கறுப்பையும் கறுப்பையும் சேர்த்தால் இரண்டு பக்கமும் aa, பழுப்பு வராது. ஆனால் உங்கள் எட்டுக் கறுப்புகளில் மூன்றில் இரண்டு பங்கு Cc ஆக இருக்கும், அப்படிப்பட்ட இரண்டு சேர்ந்தால் நாலில் ஒன்று வெள்ளை. அதைக் கண்டுபிடிக்க ஒவ்வொரு கறுப்பையும் சிவப்புக் கண் வெள்ளையோடு ஒரு முறை சேர்த்துப் பாருங்கள். ஒரு வெள்ளைக் குட்டி வந்தாலும் அந்தக் கறுப்பு Cc, விலக்கிவிடுங்கள். ஏழு குட்டியும் நிறமாக வந்தால், அது Cc ஆக இருந்தும் தப்பியிருக்க 128இல் ஒரு வாய்ப்புதான். அந்தக் குட்டிகள் பழுப்பா கறுப்பா என்று பார்க்காதீர்கள், அது வெள்ளை முயல் கொண்டுவந்த A பிரதியைப் பொறுத்தது. தேறிய கறுப்புகளுக்கு வேறு ஆளிடம் ஒரு கறுப்பு ஆணை வாங்கிச் சேருங்கள், அண்ணன் தங்கையையே தொடர்ந்து சேர்த்தால் குட்டிகள் நலிந்துபோகும். வாங்கும் ஆணையும் முதலில் வெள்ளையோடு விட்டுப் பாருங்கள்.