தண்ணீர்க் குடுவைக்குள் இருக்கும் இலை எதற்கு?

கேள்வி: என் மகள் டர்பனில் 11ஆம் வகுப்பு படிக்கிறாள். லைஃப் சயின்சஸ் தாளில் ஒளிச்சேர்க்கைப் படம் ஒன்று வந்தது. இருட்டில் 48 மணி நேரம் வைத்திருந்த ஒரு செடி, அதில் நான்கு இலைகள். ஏ இலை சும்மா வெளியே, பி இலை பொட்டாசியம் ஹைட்ராக்சைடு உள்ள குடுவைக்குள், சி இலை தண்ணீர் உள்ள குடுவைக்குள், டி இலையின் நடுவில் கறுப்புக் காகிதப் பட்டை. ஒவ்வொரு கண்ட்ரோலும் எதற்கு என்று விளக்கச் சொன்னார்கள். "ஒப்பிடுவதற்கு" என்று எழுதினாள், மதிப்பெண் கிடைக்கவில்லை. வேறு என்னதான் எழுதுவது?

பதில்: மகள் எழுதியதில் தப்பு இல்லை, பாதியில் நின்றுவிட்டாள். எதோடு எதை ஒப்பிடுகிறோம், அந்த இரண்டுக்கும் நடுவே வேறாக இருக்கும் ஒரே பொருள் எது, அதனால் எந்தச் சந்தேகம் தீர்கிறது என்று மூன்றையும் சொன்னால்தான் அது விளக்கம். இந்தப் படத்தில் இதைக் கற்றுக்கொள்ள நல்ல இடம் சி இலை. பிள்ளைகள் பெரும்பாலும் தடுமாறுவதும் அங்கேதான்.

முதலில் முடிவைப் பார்ப்போம். செடியை வெயிலில் வைத்து, பிறகு இலைகளில் அயோடின் விடுகிறோம். ஒளிச்சேர்க்கையில் உண்டான மாவுச்சத்து இருக்கும் இடத்தில் அது கருநீலமாகும். ஏ இலை கருநீலமாகும். பி இலையில் அயோடின் தன் பழுப்பு நிறத்திலேயே நிற்கும். சி இலை கருநீலம். டி இலையில் காகிதம் இருந்த பட்டை மட்டும் பழுப்பு, மற்ற இடமெல்லாம் கருநீலம்.

பி இலையில் மாவுச்சத்து இல்லை. ஏன்? "கரியமில வாயு இல்லாததால்" என்று உடனே சொல்லத் தோன்றும். ஆனால் அந்த இலைக்கு நேர்ந்தது அது ஒன்று மட்டும் இல்லை. கண்ணாடிக் குடுவைக்குள் திணித்திருக்கிறோம். காம்பைச் சுற்றி, பிளந்த கார்க்கை வைத்து வாசலின் பூசி அடைத்திருக்கிறோம். உள்ளே ஈரப்பதம் ஏறியிருக்கும், சூடும் கூடியிருக்கும். இவற்றில் ஏதாவது ஒன்று ஒளிச்சேர்க்கையை நிறுத்தியிருந்தால்? ஏ இலையால் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது, ஏனென்றால் அது குடுவைக்குள்ளேயே போகவில்லை. பதில் சொல்லக்கூடியது சி இலை மட்டும்தான். அதே செடி, அதே அளவு குடுவை, அதே கார்க், அதே வாசலின், அதே வெயில், அதே நேரம். அடியில் திரவமும் உண்டு. வேறுபாடு ஒன்றே ஒன்று: பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரியமில வாயுவை உறிஞ்சிவிடும், தண்ணீர் அப்படிச் செய்யாது. அதனால் சி கருநீலமாகி பி ஆகவில்லை என்றால் குற்றவாளி குடுவையோ சூடோ ஈரமோ இல்லை, கரியமில வாயு இல்லாததுதான்.

தாளில் எழுதவேண்டிய வாக்கியம் ஏறக்குறைய இப்படி அமையும்: "சி இலை, பி இலைக்குரிய கண்ட்ரோல். கரியமில வாயு இருப்பதைத் தவிர மற்றெல்லா நிலைகளும் இரண்டுக்கும் ஒன்று. ஆகவே பி இலையில் மாவுச்சத்து இல்லாமல் போனதற்குக் காரணம் கரியமில வாயு இல்லாததே, குடுவைக்குள் வைத்தது அல்ல." இந்த விவரம்தான் மகள் விட்டது.

தமிழ்நாட்டில் பள்ளிப் படிப்பை முடித்தவர்களுக்கு மோல் அரை இலைச் சோதனை நினைவிருக்கும். இலையின் பாதி பொட்டாசியம் ஹைட்ராக்சைடு உள்ள பாட்டிலுக்குள், பாதி வெளியே. வெளிப் பாதியையே கண்ட்ரோல் என்று மனப்பாடம் செய்தோம். அதிலும் இதே ஓட்டை இருக்கிறது: உள்ளே இருந்த பாதி கரியமில வாயுவையும் இழந்தது, வெளிக்காற்றையும் இழந்தது. ஒரே இலை என்பதால் வயது, ஆரோக்கியம் எல்லாம் ஒன்றாக இருப்பது அதன் பலம். ஆனால் பாட்டிலின் பாதிப்பை அது தனியே பிரித்துக் காட்டாது. நான்கு இலைப் படம் ஒரு படி மேலானது என்று நான் நினைப்பது இதனால்தான்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். நம் தென்னாப்பிரிக்கத் தாள்களில் கண்ட்ரோல் என்னும் சொல்லும், "மாறாமல் வைக்கப்பட்ட காரணிகள்" என்பதும் அடுத்தடுத்த கேள்விகளாக வரும். ஒரே செடி, ஒரே வெளிச்சம், ஒரே நேரம் என்பவை மாறாமல் வைத்த காரணிகள். அவை சோதனையின் செல்லுபடித் தன்மைக்கு. கண்ட்ரோல் என்பது தனியாக நிற்கும் ஓர் அமைப்பு, இங்கே சி இலை. ஒன்று கேட்ட இடத்தில் மற்றதை எழுதினால் மதிப்பெண் போய்விடும்.

இப்போது படத்தில் எழுதாமல் விட்ட ஒரு விஷயம். நான் வகுப்பில் இதைச் செய்துகாட்டிய முதல் தடவை, பி, சி இரண்டுமே பழுப்பாக நின்றன. தண்ணீர்க் குடுவையில் இருந்த இலையிலும் மாவுச்சத்து இல்லை. அயோடின் பழசாகிவிட்டது போலிருக்கிறது என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டேன். அது தவறு. வெளியே இருந்த ஏ இலை கருநீலமாகியிருந்ததே, அயோடினில் என்ன குறை இருக்க முடியும்? அன்று மாலை கணக்குப் போட்டபோதுதான் புரிந்தது.

காற்றில் கரியமில வாயு ஏறக்குறைய 0.04 சதவீதம். 250 மில்லிலிட்டர் குடுவைக்குள் அது 0.1 மில்லிலிட்டர் அளவே வரும். நல்ல வெயிலில் உள்ளங்கையில் பாதி அளவுள்ள இலை அதைச் சில நிமிடங்களில் இழுத்துவிடும். அவ்வளவு வாயுவிலிருந்து உண்டாகக்கூடிய மாவுச்சத்து ஒரு மில்லிகிராமில் பத்தில் ஒரு பங்குதான். இலை முழுக்கப் பரவினால் கண்ணுக்கே தெரியாது. ஆக, வாசலினை எவ்வளவு ஒழுங்காகப் பூசுகிறோமோ அவ்வளவுக்குத் தண்ணீர்க் குடுவையும் கரியமில வாயு இல்லாத குடுவையாகிவிடுகிறது. பல வகுப்புகளில் சி இலை கருநீலமாவது கார்க்கில் இருக்கும் கசிவாலாக இருக்கலாம்.

இதற்குத் தீர்வு, தண்ணீருக்குப் பதில் சோடியம் பைகார்பனேட் கரைசல். நம் வீட்டு ஆப்பச் சோடாவேதான். 100 மில்லிலிட்டர் தண்ணீருக்கு ஒரு கிராம் போதும். அது மெல்ல மெல்லக் கரியமில வாயுவை விட்டுக்கொண்டே இருக்கும். இப்போது பி குடுவையில் அந்த வாயு இல்லை, சி குடுவையில் தீராமல் உண்டு. சில தாள்களின் படத்தில் சி குடுவைக்கு இந்தக் கரைசல் என்றே குறித்திருப்பார்கள். அப்போது "இலைக்குக் கரியமில வாயு கொடுப்பதற்கு" என்று காரணத்தையும் எழுத வேண்டும். படத்தில் தண்ணீர் என்று இருந்தால், எதிர்பார்க்கும் விடை கருநீலம்தான். அதையே எழுதட்டும்.

டர்பன் கோடையில் இன்னொரு ஆபத்து, குடுவை நேர் வெயிலில் நிற்பது. உள்ளே இருக்கும் இலை வெந்துபோகும். குடுவையிலிருந்து எடுக்கும்போதே இலை துவண்டு, தண்ணீர் ஊறிய மாதிரி கரும்பச்சைத் திட்டுகளோடு இருந்தால் அதன் முடிவை நம்பவேண்டாம். பொட்டாசியம் ஹைட்ராக்சைடு இலையின் விளிம்பில் பட்டாலும் அப்படித்தான் ஆகும். பி இலை மட்டும் கெட்டுப்போய்ப் பழுப்பாக நின்றால், நாம் எதிர்பார்த்த விடையே வந்துவிட்டதாக ஏமாந்துவிடுவோம். ஆகவே படத்தில் இலை திரவத்தைத் தொடாமல் மேலே தொங்குவதை மகள் கவனித்துச் சொன்னால் நல்லது.

சரி, டி இலை. காகிதம் மூடிய பட்டைக்குக் கண்ட்ரோல், அதே இலையின் மூடாத பகுதிகள். ஒளி ஒன்றுதான் வேறு என்று எழுதினால் பள்ளித் தாளுக்குப் போதும். கூர்ந்து பார்த்தால், காகிதத்தை இலையின் இரு பக்கமும் இறுக்கிக் கிளிப் போட்டால் அடிப்பக்கத்து இலைத்துளைகளும் மூடப்படும், கரியமில வாயுவும் உள்ளே போகாது. "இந்தச் சோதனையை எப்படி மேம்படுத்துவாய்" என்று கேட்டால் இதுதான் விடை: அதே இலையில் அதே அளவில், ஒளி புகும் பிளாஸ்டிக் பட்டை ஒன்றையும் அதே மாதிரி கிளிப் போடுவது. அதன் அடியில் கருநீலம் வந்தால், தடுத்தது இருட்டுதான், கிளிப் இல்லை.

ஏ இலைக்கு வேலை இல்லையா என்றால், உண்டு. செடி நலமாக இருக்கிறது, அன்றைய வெயில் போதுமானது, கொதிக்கவைத்ததும் அயோடின் விட்டதும் சரியாக நடந்தன என்று அது காட்டுகிறது. என் வகுப்பில் அயோடின்மேல் பழிபோட்ட என்னைத் திருத்தியதும் அந்த இலைதான்.

இந்தப் படத்தில் இல்லாத ஐந்தாவது இலை ஒன்று இருந்திருக்க வேண்டும். 48 மணி நேர இருட்டு எதற்கு? இலையில் முன்பே சேர்ந்திருந்த மாவுச்சத்து சர்க்கரையாகி வேறு பாகங்களுக்குப் போகவும், சுவாசத்தில் செலவாகவும். அது உண்மையில் தீர்ந்துவிட்டதா என்று தெரிந்துகொள்ள, வெயிலில் வைக்கும் முன்பே ஓர் இலையைப் பறித்து அயோடின் விட்டுப் பார்க்க வேண்டும். அது பழுப்பாக நின்றால்தான், பிறகு சி இலையில் தெரியும் கருநீலம் இன்றைய வெயிலில் உண்டானது என்று சொல்ல முடியும். இல்லையென்றால் அது நேற்றைய மிச்சமாகவும் இருக்கலாம். இதையும் ஒரு கண்ட்ரோலாக எழுதினால் திருத்துபவர் கண்ணில் படும்.

இலையைக் கொதிநீரில் போடுவதற்கும் ஆல்கஹாலில் வைப்பதற்கும் காரணம் கேட்பார்கள். கொதிநீர் இலையைக் கொன்று வேதி வினைகளை நிறுத்துகிறது, செல் சவ்வுகளை உடைத்து அயோடினுக்கு வழிவிடுகிறது. சூடான ஆல்கஹால் பச்சையத்தை எடுத்துவிடுகிறது. ஆல்கஹால் எளிதில் தீப்பிடிக்கும், அதனால் நேரடித் தீயில் வைக்காமல் சுடுநீர்த் தொட்டியில் வைக்கிறோம். பிறகு மொறுமொறுப்பான இலையை வெந்நீரில் நனைத்து மென்மையாக்குகிறோம். இலை வெண்ணெய் நிறமாகி, துணி மாதிரி மடங்கினால் அயோடினுக்குத் தயார். பச்சை மிச்சமிருந்தால் கருநீலம் அதில் மறைந்துவிடும்.

வீட்டில் செய்துபார்க்க விரும்பினால் செடி தேடி அலைய வேண்டாம். இந்தச் சோதனைக்கு உலகமெங்கும் பள்ளிகளில் வைக்கும் ஜெரேனியம், உண்மையில் பெலர்கோனியம், நம் தென்னாப்பிரிக்க மண்ணின் செடிதான். ஆனால் வெங்காயத் தாளை எடுத்துவிட வேண்டாம். அது உணவைப் பெரும்பாலும் சர்க்கரையாகவே வைத்துக்கொள்ளும், நாள் முழுக்க வெயிலில் நின்றாலும் அயோடின் பழுப்பாகவே இருக்கும். பொட்டாசியம் ஹைட்ராக்சைடும் வீட்டில் வேண்டாம், தோலையும் கண்ணையும் அரிக்கும். கறுப்புக் காகிதமும் பிளாஸ்டிக் பட்டையும் வைத்து டி இலையை மட்டும் செய்துபாருங்கள். ஆல்கஹால் பக்கத்தில் அடுப்பு எரியக் கூடாது. கெட்டிலில் கொதிக்கவைத்த தண்ணீரைக் கிண்ணத்தில் ஊற்றி, ஆல்கஹாலும் இலையும் உள்ள சிறு ஜாடியை அதில் இறக்கி வைத்தால் போதும்.