பி.ஓ. கைக்கு வராமல் ராடு வெட்டலாமா?

கேள்வி: கோவையில் சி.என்.சி. லேத் பட்டறை வைத்திருக்கிறேன். ஒரு பெரிய கம்பெனிக்கு 36 மி.மீ. விட்டம், 50 மி.மீ. நீளத்தில் 2,000 இ.என். 8 ஸ்டீல் பின் செய்ய கொட்டேஷன் கொடுத்தேன். ரேட் ஓகே, வேலையை ஆரம்பியுங்கள், பர்ச்சேஸ் ஆர்டர், அதாவது பி.ஓ., வந்துவிடும் என்று போனில் சொன்னார்கள். 25ஆம் தேதி சரக்கு வேண்டுமாம். இன்று 4ஆம் தேதி, பி.ஓ. வரவில்லை. கேட்கும்போதெல்லாம் "ப்ராசஸில் இருக்கிறது" என்கிறார்கள். ஆரம்பிக்கலாமா? உறவு கெடாமல் எப்படிக் கேட்பது?

பதில்: ராடு வாங்கலாம், வெட்ட வேண்டாம். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் பி.ஓ. எங்கே நிற்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும்.

"பி.ஓ. எப்போது சார் வரும்?" என்று கேட்டால் "ப்ராசஸில் இருக்கிறது" என்பதைத் தவிர வேறு பதில் வராது. "பி.ஆர். நம்பர் என்ன சார்?" என்று கேளுங்கள். பெரிய கம்பெனிகளில் பொருள் தேவைப்படும் டிபார்ட்மென்ட் முதலில் ஒரு பர்ச்சேஸ் ரிக்விசிஷன், அதாவது பி.ஆர்., போட வேண்டும். அதை வைத்துத்தான் பர்ச்சேஸ் ஆள் பி.ஓ. போடுவார். அதன் மதிப்பைப் பொறுத்து மேலே ஒருவரோ இருவரோ ரிலீஸ் கொடுப்பார்கள். பிறகுதான் அது உங்கள் மெயிலுக்கு வரும். பி.ஆர். நம்பரே இல்லை என்றால் பர்ச்சேஸ் ஆளைத் துரத்திப் பயனில்லை. உங்களிடம் "ஆரம்பியுங்கள்" என்று சொன்ன ப்ரொடக்ஷன் ஆளே இன்னும் சிஸ்டத்தில் எதையும் போடவில்லை என்று அர்த்தம். இதுதான் அடிக்கடி நடப்பது.

பி.ஆர். நம்பர் இருந்தால் அடுத்த கேள்வி: "பி.ஓ. நம்பர் ஜெனரேட் ஆகிவிட்டதா?" ஆகவில்லை என்றால் பெரும்பாலும் உங்கள் வெண்டர் கோட் விவகாரம்தான். ஜி.எஸ்.டி. சான்றிதழ், பான், கேன்சல் செய்த செக் இவற்றில் ஒன்று அவர்கள் அக்கவுண்ட்ஸில் தேங்கியிருக்கும். அது உங்கள் கையில் இருக்கும் வேலை. அன்றைக்கே மெயிலில் அனுப்பி முடித்துவிடலாம். நம்பர் ஆகியும் வரவில்லை என்றால் ரிலீஸ் பாக்கி. யாரிடம் பாக்கி, அவர் ஊரில் இருக்கிறாரா என்று கேளுங்கள். ரிலீஸ் ஆகிவிட்டது என்றும் சொன்னால் எந்த மெயில் ஐ.டி.க்குப் போனது என்று கேளுங்கள். வேலையை விட்டுப் போன உங்கள் பழைய அக்கவுண்டன்ட்டின் ஐ.டி. அவர்கள் சிஸ்டத்தில் இன்னும் இருப்பது புதிய விஷயமல்ல.

அடுத்தது தேதிக் கணக்கு. "சீக்கிரம் அனுப்புங்கள்" என்பதைவிட ஒரு தேதிக்குப் பலம் அதிகம். 25ஆம் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். ஒரு பின்னுக்கு 3 நிமிடம் என்று வைத்தால் 2,000 பின்னுக்கு 100 மணி நேரம். ஒரே மெஷினில் இரண்டு ஷிப்ட் ஓட்டி நாளுக்கு 15 மணி நேரம் கிடைத்தால் டர்னிங்கிற்கு 7 நாள். வெளியே கொடுக்கும் இண்டக்ஷன் ஹார்டனிங்கிற்கு 3, கிரைண்டிங்கிற்கு 3, இன்ஸ்பெக்ஷனும் பேக்கிங்கும் 1. மொத்தம் 14 நாள். ராடு வர 2 நாள் சேர்த்தால் 16. ஆக, 9ஆம் தேதி பி.ஓ. கையில் இருக்க வேண்டும். ராடு முன்பே வந்துவிட்டால் 11. அதற்கு மேல் தள்ளினால் 25ஆம் தேதியும் தள்ளும். இடையில் ஞாயிறு லீவு விடுவீர்கள் என்றால் அதையும் கழித்துக்கொள்ளுங்கள். மேலே உள்ள கணக்கில் லீவு இல்லை.

இதைப் போனில் சொல்லிவிட்டு அன்றே மெயிலும் போடுங்கள். பர்ச்சேஸ் ஆளுக்கு நேராக, ப்ரொடக்ஷன் ஆளுக்கு சி.சி. அவருக்குத்தான் பின் அவசரம்; உள்ளே போய்க் கேட்க வேண்டியவரும் அவர்தான். மெயில் இப்படி இருக்கலாம்:

"வணக்கம் சார். எங்கள் கொட்டேஷன்படி இ.என். 8 பின் 2,000 எண்ணத்துக்கான பி.ஓ.வை எதிர்பார்க்கிறோம். கொட்டேஷன் நம்பர், தேதி, டிராயிங் நம்பர், ரிவிஷன், ரேட் கீழே. 25ஆம் தேதி டெலிவரிக்கு ரிலீஸ் ஆன பி.ஓ. 9ஆம் தேதி மாலைக்குள் எங்களுக்கு வேண்டும். அதற்குப் பிறகு வந்தால், பி.ஓ. வந்த நாளிலிருந்து 16 நாளில் டெலிவரி தருகிறோம். பி.ஆர். நம்பரைத் தெரிவித்தால் உதவியாக இருக்கும். எங்கள் தரப்பில் ஏதாவது டாக்குமெண்ட் பாக்கி இருந்தால் இன்றே அனுப்புகிறோம்."

இதில் புகார் இல்லை. ஆனால் தாமதத்தின் பொறுப்பு யாருடையது என்பது எழுத்தில் பதிவாகிவிடுகிறது. அதன்பின் தினம் போன் வேண்டாம். 7ஆம் தேதி ஒரு முறை, 9 காலை ஒரு முறை போதும். 9 மாலையும் வரவில்லை என்றால் அதே மெயிலுக்கு ரிப்ளை போட்டுப் புதிய டெலிவரி தேதியைச் சொல்லுங்கள். பர்ச்சேஸ் ஹெட்டை சி.சி.யில் சேர்ப்பது இந்தக் கட்டத்தில்தான், அதற்கு முன் வேண்டாம்.

இனி ராடு வாங்கும் விஷயம். 50 மி.மீ. பின்னுக்கு பார்ட்டிங், ஃபேசிங் சேர்த்து 54 மி.மீ. என்றால் 2,000க்கு 108 மீட்டர். 40 மி.மீ. ராடு மீட்டருக்கு, விட்டத்தின் வர்க்கத்தை 162ஆல் வகுக்கும் கணக்குப்படி, 9.88 கிலோ. கடைசித் துண்டு வேஸ்ட்டையும் சேர்த்தால் சுமார் 1,100 கிலோ. இ.என். 8, 40 மி.மீ. என்பது ஓடும் சைஸ். இந்த ஆர்டர் போனாலும் அந்த ராடு வேறு ஜாபில் தீர்ந்துவிடும். மாட்டிக்கொள்வது கொஞ்ச நாள் வட்டி மட்டும்தான். வெட்டிக் கடைந்த பின்னோ அவர்கள் வாங்காவிட்டால் ஸ்கிராப். இந்த டிராயிங்கிற்கென்றே செய்யும் கேஜ், ஃபிக்ஸ்சர் எதையும் பி.ஓ.வுக்கு முன் ஆர்டர் செய்யாதீர்கள். இதே கேள்வி ஸ்பெஷல் கிரேடு ஸ்டெயின்லெஸ் ராடு பற்றியதாக இருந்தால், ராடும் வாங்காதீர்கள் என்றுதான் சொல்வேன்.

போனில் சொன்ன வார்த்தை பொய் என்று சொல்லவில்லை. ஆனால் பி.ஓ. இல்லாமல் சரக்கை அனுப்பினால் கேட்டில் என்ட்ரி கிடைக்காது. செக்யூரிட்டி முதலில் கேட்பதே இன்வாய்ஸில் பி.ஓ. நம்பர்தான். அது இல்லாமல் ஸ்டோர்ஸில் சரக்கு வந்ததற்கான பதிவான ஜி.ஆர்.என். போட முடியாது, அது இல்லாமல் அக்கவுண்ட்ஸ் பில்லைத் தொடாது. உத்யம் பதிவு இருக்கிறது, 45 நாளில் பணம் தந்தாக வேண்டும் என்று சிலர் தைரியமாக இருப்பார்கள். அந்த நாள் கணக்கு சரக்கை அவர்கள் ஏற்றுக்கொண்டதிலிருந்துதான் ஓடும். லாரி கேட்டுக்கு வெளியே நிற்கும்வரை ஓடாது. நீங்கள் போட்ட இன்வாய்ஸுக்கு ஜி.எஸ்.டி. மட்டும் அடுத்த மாதம் கட்ட வேண்டி வரும்.

உண்மையிலேயே அவசரம், நிர்வாகமே கேட்கிறது என்றால் இடைவழி ஒன்று உண்டு. பர்ச்சேஸ் மேனேஜர் தன் கம்பெனி மெயிலிலிருந்து பொருள், எண்ணிக்கை, ரேட் மூன்றையும் எழுதி, "பி.ஓ. வராவிட்டாலும் இந்தத் தொகைவரை நாங்கள் பொறுப்பு" என்று உறுதி தரட்டும். வாட்ஸ்அப் மெசேஜும் ப்ரொடக்ஷன் ஆளின் மெயிலும் இதற்குப் போதாது. செலவுக்கு ஒப்புதல் தரும் அதிகாரம் அவரிடம் இல்லை. டிராஃப்ட் பி.ஓ.வை ஸ்கிரீனில் போட்டோ எடுத்து அனுப்புவார்கள். ரிலீஸ் ஆகாத பி.ஓ.வை யார் வேண்டுமானாலும் திருத்தலாம், டிலீட்டும் செய்யலாம்.

பி.ஓ. வந்ததும் சந்தோஷத்தில் மெஷினை ஓடவிடாமல் பத்து நிமிடம் ஒதுக்கி கொட்டேஷனோடு ஒப்பிடுங்கள். ரேட் ஒரு பின்னுக்கா, 100 பின்னுக்கா என்று பாருங்கள். டிராயிங் ரிவிஷன் உங்களிடம் இருப்பதுதானா என்று பாருங்கள், பி.ஆர். பழையதாக இருந்தால் ரிவிஷனும் பழையதாகவே வரும். தாமதமாக வந்த பி.ஓ.வில் டெலிவரி தேதி பழைய 25ஆகவே இருக்கும், லேட் டெலிவரி பிடித்தம் என்ற வரியும் கீழே இருக்கும். தேதியை மாற்றி அமெண்ட்மெண்ட் கேட்டு அன்றே மெயில் போடுங்கள். பதில் எழுத்தில் வந்த பிறகு முதல் ராடை சக்கில் மாட்டுங்கள்.