குர்குமின் நன்றாக இருந்தும் மஞ்சளை ஏன் வேண்டாம் என்கிறார்?

கேள்வி: ஜெர்மனிக்கு அனுப்புவதற்காக, பாலீஷ் போட்ட விரலி மஞ்சளை ஆய்வகத்தில் கொடுத்தோம். குர்குமின் 3.4%, ஈரப்பதம் 9.5%, அமிலத்தில் கரையாத சாம்பல் 2%, அஃப்ளாடாக்சின் பி1 1.2, ஈயம் 1.8 என்று சான்று வந்தது. வாங்குபவர் வேண்டாம் என்கிறார். எதில் குறை?
– ஈரோடு மாவட்ட விவசாயி

பதில்: ஈயத்தில்தான். மஞ்சள், இஞ்சி போன்ற கிழங்கு மசாலாக்களில் கிலோவுக்கு 1.5 மில்லிகிராம் ஈயம் வரைதான் ஐரோப்பிய ஒன்றியம் அனுமதிக்கிறது. தாண்டினால் அங்கே விற்கவே முடியாது. நீங்கள் விலையைக் குறைத்தாலும் அவர் வாங்க மாட்டார். மஞ்சளுக்கு நிறம் தரும் குர்குமின் விலை பேசத்தான் உதவும்.

ஈரப்பதம் சரி. நன்றாகக் காய்ந்திருப்பதால் பூஞ்சை பிடிக்கவில்லை; அதனால்தான் பூஞ்சை நஞ்சான அஃப்ளாடாக்சினும் குறைவு. பி1 வரம்பு கிலோவுக்கு 5 மைக்ரோகிராம்.

சாம்பல் எண்ணைத்தான் பலரும் கவனிக்காமல் விடுகிறார்கள். அமிலத்தில் கரையாத சாம்பல் என்பது பெரும்பாலும் மண்ணும் மணலும். 2% என்றால், விரலியில் மண் ஒட்டியிருக்கிறது. அந்த மண்ணில் கிலோவுக்கு 25 மில்லிகிராம் ஈயம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதில் 2% எடுத்தால் 0.5 தான் வருகிறது. மீதி 1.3-க்கு மண் காரணமில்லை. அதனால் எனக்குச் சந்தேகம் பாலீஷ் டிரம் மீதுதான். மஞ்சள் பளபளக்க அங்கே என்ன பொடி தூவினார்கள் என்று கேளுங்கள். ஈயக் குரோமேட் கலந்த நிறப்பொடி என்றால் ஈயம் ஏறும். உடம்புக்கு, முக்கியமாகக் குழந்தைகளின் மூளைக்கு, அது பெரும் கேடு. நம் நாட்டு உணவுச் சட்டப்படியும் மஞ்சளில் ஈயக் குரோமேட் இருக்கவே கூடாது.

யூகத்தோடு நிற்க வேண்டாம். அதே அறுவடையில் பாலீஷ் போடாத விரலி மிச்சம் இருந்தால், அதையும் பாலீஷ் போட்டதையும் ஒரே ஆய்வகத்தில் ஈயத்துக்குச் சோதியுங்கள். பாலீஷ் போடாததில் ஈயம் குறைவாக இருந்தால் கோளாறு டிரம்மில்தான். பாலீஷ் போட்ட அந்தக் குவியலை உள்ளூரிலும் விற்காதீர்கள். இரண்டிலும் ஒரே அளவு என்றால் மண்ணையும் பாசன நீரையும் சோதிக்க வேண்டும். அடுத்த முறை வேகவைக்கும் முன் கிழங்கை நன்றாகக் கழுவுங்கள். பாலீஷுக்கு எந்தப் பொடியும் வேண்டாம்.

இன்னொன்று. நீங்கள் கொடுத்த மாதிரிக்கு மட்டுமே ஆய்வகம் பொறுப்பேற்கும். மேல் மூட்டையில் இரண்டு கைப்பிடி அள்ளிக் கொடுத்தால், சரக்கு முழுவதையும் அது காட்டாது. வாங்குபவர் துறைமுகத்தில் திரும்பவும் மாதிரி எடுக்கும்போது வேறு எண் வந்துவிடும். பல மூட்டைகளின் மேல், நடு, அடிப் பகுதிகளிலிருந்து எடுத்து, கலந்து, பையை ஒட்டி, மூட்டையில் உள்ள அதே லாட் எண்ணை எழுதிக் கொடுங்கள். சான்றிலும் அந்த எண்ணே இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் அந்தத் தாளை அவர் ஏற்க மாட்டார்.