கேள்வி பதில்: கணினியில் சட்டை தைத்து அவதாருக்கு உடுத்துதல்

"தையல்காரர் வெட்டிய காகிதத்தை ஸ்கேன் செய்து அதன்மேல் கோடு போட்டேன். கையைச் சேர்க்கும் இடத்தில் துணி குவிகிறது, மார்பும் தொளதொளவென்று இருக்கிறது." (முத்தியால்பேட்டை, மாணவி)

நீங்கள் அனுப்பிய படத்தில், விளிம்பிலிருந்து ஒன்றரை சென்டிமீட்டர் உள்ளே மெல்லிய பென்சில் கோடு ஒன்று தெரிகிறது. தையல் விழ வேண்டியது அந்தக் கோட்டில்தான். வெளியே இருப்பது தையலுக்கு விட்ட துணி. மெஷினில் தைக்கும்போது அது உள்ளே மடங்கிவிடும். நாம் பயன்படுத்தும் மார்வலஸ் டிசைனர் என்ற மென்பொருளிலோ தையல் துண்டின் விளிம்பிலேயே விழுகிறது, எதுவும் உள்ளே போவதில்லை. ஆகவே இரண்டு பக்கமும் முன்பாகம், பின்பாகம் என நான்கு விளிம்புகளில் ஒன்றரை ஒன்றரையாகச் சேர்ந்து மார்புச் சுற்றில் 6 செ.மீ. கூடிவிட்டது.

கை குவிவதற்கும் வேர் இதுதான். கைக்குழி உட்பக்கம் வளைவது. அங்கே ஓரம் சேர்த்தால் வளைவின் நீளம் குறைந்து, முனைகளில் கூடியதைப் பெரும்பாலும் ஈடுகட்டிவிடுகிறது. கையின் உச்சி வெளிப்பக்கம் புடைத்தது என்பதால் அங்கே அப்படிக் குறைவதில்லை. உங்கள் கோப்பில் அளந்து பார்த்தேன்: முன், பின் கைக்குழிகள் சேர்ந்து 47 செ.மீ., கையின் வளைவு 50 செ.மீ. பென்சில் கோட்டின்மேல் மறுபடி வரைந்தபோது அவை 46, 47 என்று வந்தன. மூன்று சென்டிமீட்டர் மிச்சத்தைக் கைக்குழிக்குள் திணித்ததால்தான் தோளில் குவியல் வந்தது. தையல் போடுவதற்கு முன்னால் இந்த இரண்டு நீளங்களையும் ஒப்பிட்டுப் பார்க்காமல் ஒருபோதும் துணியை உடலில் விழவைக்கும் Simulate பொத்தானை அழுத்தாதீர்கள்.

"Particle Distance-ஐ எடுத்த எடுப்பிலேயே 5 என்று வைத்தேன். கணினி திணறுகிறது." (நெல்லிக்குப்பம்)

கணினி துணியைச் சிறு முக்கோணங்களாகப் பிரிக்கிறது. அவற்றின் புள்ளிகளுக்கு இடையே உள்ள தூரம்தான் Particle Distance. முதலில் அதை 20-லேயே வைத்து, சட்டை உடலில் சரியாக அமர்ந்த பின்பு 10, கடைசியில் 5 என்று இறக்குங்கள். இடைவெளியைப் பாதியாக்கினால் முக்கோணங்கள் நான்கு மடங்காகும். 20-லிருந்து 5-க்கு வந்தால் பதினாறு மடங்கு.

"ஒரு கை மட்டும் முறுக்கிக்கொண்டு நிற்கிறது." (லாஸ்பேட்டை)

தையலின் திசை மாறியிருக்கிறது. முப்பரிமாணச் சாளரத்தில் இரண்டு துண்டுகளையும் இணைக்கும் நூல்கள் பெருக்கல் குறிபோல் ஒன்றையொன்று வெட்டிச் செல்வதைப் பாருங்கள். அந்தத் தையலை வலச் சொடுக்கி Reverse Sewing கொடுத்தால் நூல்கள் நேராகிவிடும்.

"துணி அவதார்மேல் நிற்காமல் தரையில் விழுகிறது." (கடலூர்)

தோள் தையல் விடுபட்டிருக்கும், அல்லது பின்பாகத்தை முதுகுப் பக்கம் கொண்டுபோய் வைக்காமல் விட்டிருப்பீர்கள்.

"துணி கீழே விழுந்துவிடுகிறது, ஏன்?" (அரியாங்குப்பம்)

சற்று முன் கடலூர் வாசகருக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள்.

"எங்கள் வீட்டு மெஷினில் காலர் தைக்கும்போது நூல் அறுந்துபோகிறது." (விருத்தாசலம்)

இங்கே பேசுவது கணினித் தையலைப் பற்றி மட்டும். மெஷின் பழுதுபார்ப்பவரிடம் காட்டுங்கள்.

"முப்பது வருடமாகச் சட்டை தைக்கிறேன். கையின் வளைவில் கைக்குழியைவிட இரண்டரை சென்டிமீட்டராவது கூடுதல் வைத்தால்தான் தோள் உருண்டு வரும். நீங்கள் அந்த முத்தியால்பேட்டைப் பெண்ணிடம் அதைக் குறைக்கச் சொல்வது தவறு." (திருப்பாதிரிப்புலியூர், தையல் கடைக்காரர்)

ஐயா, கோட் சூட் தைப்பதற்கு நீங்கள் சொல்வது முற்றிலும் சரி. அங்கே அந்தக் கூடுதலை நூல் ஓட்டி இழுத்து, நீராவி கொடுத்துத் தேய்த்து, துணிக்குள்ளேயே சுருங்க வைக்கிறீர்கள். மென்பொருளில் இஸ்திரிப் பெட்டி கிடையாது. நீளமான விளிம்பைக் குட்டையான விளிம்போடு இணைத்தால் மிச்சம் அப்படியே சிறு கொசுவங்களாக எழும்பும். கையின் உச்சி தாழ்வாக வெட்டப்பட்ட சாதாரணச் சட்டைக்கு ஒரு சென்டிமீட்டர் போதும் என்பதே என் அனுபவம்.

"என்னிடம் வருவது நெருக்கமில்லாத கைத்தறிப் பருத்தி. அது இரண்டு சென்டிமீட்டரைக்கூடச் சுருக்கம் தெரியாமல் வாங்கிக்கொள்ளும். உங்கள் கணினித் துணி வாங்காது என்றால் குறை துணியில்தானே?" (மீண்டும் திருப்பாதிரிப்புலியூர்)

அந்தக் குறை உண்மைதான், ஒப்புக்கொள்கிறேன். இழைகள் நகர்ந்து இடம்கொடுப்பதை மென்பொருள் தனித்தனி இழையாகக் கணக்கிடுவதில்லை. இழுவை, வளைவு என்ற சில எண்களால் மொத்தமாகத்தான் காட்டுகிறது. பருத்தி அமைப்பில் இழுவையைத் தளர்த்தி, ஒன்றரை சென்டிமீட்டர் கூடுதலோடு இன்று பார்த்தேன்: முன்பக்கம் வழவழவென்று அமர்ந்தது, பின்பக்கம் உச்சிக்குச் சற்றுக் கீழே இரண்டு சிறு மடிப்புகள் போகவே இல்லை. அதே துணியில் நீங்கள் ஒரு கையை மட்டும் தைத்து, தேய்ப்பதற்கு முன்னும் பின்னும் படம் எடுத்து அனுப்பினால் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கிறேன். அதுவரை அந்த மாணவி ஒரு சென்டிமீட்டரிலேயே இருக்கட்டும்.