பிறஷர் குக்கரில் வைத்தால் பால் பெட்டிப் பால் ஆகுமா?

*“எங்கட வீட்டில ரெண்டு மாடு நிக்குது. வித்தது போக நாலு லீற்றர் மிஞ்சும். காய்ச்சி வைச்சாலும் அடுத்த நாள் பின்னேரமே திரிஞ்சு போகுது. கடைப் பெட்டிப் பால் வெளியிலேயே மாதக்கணக்கா இருக்கே. பிறஷர் குக்கரில வைச்சு எடுத்தா எங்கட பாலும் அப்பிடி நிக்குமோ? இல்லாட்டி வேற வழி இருக்கோ?” – நீர்வேலியிலிருந்து ஒரு வாசகி*

குக்கரில் வைத்தால் நிற்காது, அம்மா. ஆனால் நாலைந்து நாளைக்கு வைத்திருக்க வீட்டிலேயே ஒரு வழி இருக்கிறது.

பாலில் இரண்டு வகைக் கிருமிகள் இருக்கின்றன. ஒன்று சாதாரணமாக வளர்ந்துகொண்டிருப்பவை. காசநோய்க் கிருமியும் பாலைப் புளிக்க வைப்பவற்றில் பெரும்பாலானவையும் இந்த வகை. 63 பாகை செல்சியஸில் அரை மணித்தியாலம் வைத்தால் இவை செத்துவிடும். மற்றவை வித்திகள். சில கிருமிகள் தடித்த கோதுக்குள் சுருண்டு உறங்கும் நிலை அது. நூறு பாகையில் கொதிக்க வைத்தாலும் அவற்றில் பல தப்பிவிடும். தொழுவத்து மண், வைக்கோல், சாணம் எல்லாவற்றிலும் வித்திகள் உண்டு. கறக்கும்போது மடியிலிருந்து பாலுக்குள் விழுந்தால், பால் ஆறிய பிறகு அவை முளைக்கும்.

மேலே சொன்ன 63 பாகைச் சூட்டு முறைக்குப் பாஸ்ச்சர் முறை என்று பெயர், அது முதல் வகையை மட்டும் குறிவைக்கிறது. பெட்டிப் பாலுக்குச் செய்யும் யூ.எச்.டி எனப்படும் மிகை வெப்ப முறை வித்திகளையும் சேர்த்து அழிக்கிறது. அதற்குப் பாலை 135 முதல் 150 பாகை வரை சில செக்கன்கள் சூடாக்குவார்கள். சரி, அவ்வளவு சூட்டில் பால் கருகிப் போகாதா? இந்தத் தொழிலின் சூட்சுமமே அங்கேதான் இருக்கிறது.

சூடு பத்துப் பாகை கூடினால் வித்திகள் சாகும் வேகம் ஏறத்தாழ பத்து மடங்காகும். பால் பழுப்பாகி வேக்காட்டு வாசம் வரும் வேகமோ இரண்டு மூன்று மடங்குதான் கூடும். உங்கள் குக்கர் நன்றாக அழுத்தம் பிடித்தால் ஏறத்தாழ 120 பாகை வரும். ஆலையில் 140 பாகையில் 3 செக்கன் என்று வைத்துக்கொள்ளுங்கள். இருபது பாகை வித்தியாசத்தில் வித்திகள் நூறு மடங்கு வேகமாகச் சாகும். ஆகவே அந்த மூன்று செக்கன் செய்யும் வேலையைச் செய்யக் குக்கருக்கு 300 செக்கன், அதாவது 5 நிமிடம் வேண்டும். பழுப்பாவதை மும்மடங்கு என்றே எடுத்தாலும் இருபது பாகையில் ஒன்பது மடங்குதான். அப்போது ஆலைப் பாலில் ஏறும் பழுப்பு, குக்கரில் 27 செக்கனில் ஏறுவதற்குச் சமம். உங்கள் பாலில் ஐந்து நிமிடப் பழுப்பு ஏறிவிடும். அதோடு குக்கர் சூடேறவும் ஆறவும் எடுக்கும் நேரத்தையும் சேர்க்க வேண்டும். வெளியே எடுக்கும்போது பால்கோவா வாசம் அடித்தால் காரணம் இதுதான்.

சரி, வாசம் போனால் போகட்டும் என்றாலும், மூடியைத் திறந்து வேறு பாத்திரத்தில் ஊற்றிய அந்த நொடியே காற்றிலும் கரண்டியிலும் இருக்கும் கிருமி உள்ளே போய்விடும். ஆலையில் பாலும் பெட்டியும் தனித்தனியே கிருமி நீக்கப்பட்டு, கிருமியில்லாத காற்றுக்குள்ளேயே நிரப்பி ஒட்டப்படுகின்றன. மாதக்கணக்கில் நிற்பதற்குச் சூடு பாதி, அந்த அடைப்பு மீதி. மூடிய போத்தலைக் குக்கருக்குள் வைத்துப் பார்க்கவும் வேண்டாம். வெடிக்கலாம், வெடிக்காவிட்டாலும் நடுப்பகுதிக்குப் போதிய சூடு போனதா என்று அறிய வழியில்லை.

ஆகவே உங்கள் வீட்டுக்குத் தோதானது குறைந்த சூட்டில் நீண்ட நேரம் வைக்கும் பாஸ்ச்சர் முறைதான். அதற்கு ஒரு நல்ல வெப்பமானி கட்டாயம் வேண்டும். கொதிக்கும் தண்ணீரில் பிடித்துப் பாருங்கள். யாழ்ப்பாணம் கடல்மட்டத்தை ஒட்டிய நிலம் என்பதால் 100 காட்ட வேண்டும். 97 காட்டினால் அந்த மூன்று பாகையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏன் இவ்வளவு கண்டிப்பு என்றால், ஆலைகளில் 63 பாகைக்கு 30 நிமிடம், 72 பாகைக்கு 15 செக்கன் என்று இரண்டு அளவுகள் உண்டு. ஒன்பது பாகை கூடியதும் நேரம் 120 மடங்கு குறைகிறது. அதே கணக்கைத் திருப்பிப் போட்டால், மூன்று பாகை குறைந்து 60இல் வைத்தால் ஏறத்தாழ ஐந்து மடங்கு நேரம் தேவைப்படும். அரை மணித்தியாலம் இரண்டரை மணித்தியாலமாகிவிடும். முன்பு அமெரிக்காவில் 61.7 பாகை போதும் என்றிருந்தார்கள். மாடுகளிலிருந்து வரும் கியூ காய்ச்சல் கிருமி அதில் தப்புவதைக் கண்டு 1950களில் 62.8ஆக உயர்த்தினார்கள். ஒரே ஒரு பாகைக்காகத்தான் அவ்வளவும். நீங்கள் 65இல் வைத்துக்கொண்டால் நிம்மதி.

பெரிய பானையில் தண்ணீர் வைத்து, அதற்குள் பால் சட்டியை இறக்குங்கள். நேரடி நெருப்பில் வைத்தால் அடி பிடிக்கும், சூடும் நிலையாக நிற்காது. துணியில் வடித்த நாலு லீற்றரையும் ஊற்றி, மெதுவாகக் கிண்டி 65 வந்ததும் நேரம் பாருங்கள். நடுவில் 63க்குக் கீழே இறங்கிவிட்டால் 30 நிமிடத்தை முதலிலிருந்து எண்ண வேண்டும். பலர் கவனிக்காத இடம் ஒன்று உண்டு: பாலின் மேலே நிற்கும் நுரை. பால் 65 என்றாலும் நுரையும் மூடியின் உட்பக்கமும் குளிராக இருந்தால் அங்கே கிருமி தப்பி, பிறகு பாலுக்குள் சொட்டும். ஆலைத் தொட்டிகளில் பாலுக்கு மேலே உள்ள காற்றையும் ஏறத்தாழ 66 பாகையில் வைத்திருப்பார்கள். வீட்டில் நுரையை அகப்பையால் எடுத்துவிட்டு மூடி வையுங்கள். கிண்டத் திறந்தாலும் உடனே மூடிவிடுங்கள்.

அப்புறம் ஆறவைப்பது. உங்கள் பால் அடுத்த நாளே திரிவதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். காய்ச்சிய பாலை மேசையில் ஆறவிட்டால், நம் வெக்கையில் அது இளஞ்சூட்டிலேயே பல மணித்தியாலம் கிடக்கும். வித்திகள் முளைக்க அதைவிடத் தோதான சூடு வேறில்லை. சட்டியை முதலில் கிணற்றுத் தண்ணீரில் இறக்கி, அந்தத் தண்ணீர் சூடானதும் மாற்றி, பிறகு ஐஸ்கட்டி போட்ட தண்ணீரில் வைத்துக் கிண்டுங்கள். பத்துப் பாகைக்குக் கீழே வந்ததும், கொதிநீரில் அவித்த போத்தல்களில் ஊற்றி பிறிட்ஜின் உட்பக்கத்தில் வையுங்கள், கதவில் வேண்டாம். உள்ளே 4 பாகை இருந்தால் நாலைந்து நாள் தாங்கும்.

இந்தப் பாலில் தயிர் போட்டால் இளக்கமாகத்தான் வரும். 63 பாகையில் பாலின் மோர்ப் புரதங்கள் அவ்வளவாக மாறுவதில்லை. அவை மாறி மற்றப் புரதத்தோடு ஒட்டினால்தான் தயிர் இறுகும். தயிருக்கு எடுக்கும் பாலை மட்டும் தனியாகக் கொதிக்க வையுங்கள்.

இவ்வளவு செய்தும் கெட்டுப்போனால் எப்படிக் கெட்டது என்று பாருங்கள். ஒன்றிரண்டு நாளிலேயே புளித்துத் திரிந்தால் பெரும்பாலும் போத்தலோ, புனலோ, கையோ காரணம். பாஸ்ச்சர் செய்த பிறகு புதிதாகக் கிருமி போயிருக்கிறது. புளிக்காமலேயே, சில நேரம் சற்றுக் கசந்து, இனிப்புப் பாலாகவே திரிந்தால் அது வித்திகளின் வேலை. மடியைக் கழுவித் துடைத்துக் கறப்பதிலும் ஆறவைக்கும் வேகத்திலும்தான் அதைத் திருத்த முடியும். அப்படித் திரிந்த பாலை மறுபடி கொதிக்க வைத்துக் குடிக்க வேண்டாம். அந்தக் கிருமிகளில் ஒரு வகை உண்டாக்கும் நஞ்சு கொதிநிலையிலும் அழியாது. கரண்ட் போய்ப் பல மணித்தியாலம் பிறிட்ஜ் வேலை செய்யாமல், பாலும் வெதுவெதுப்பாகிவிட்டால் அதையும் ஊற்றிவிடுங்கள். பெட்டிப் பாலுக்குத் திறக்கும்வரை அந்தப் பயமில்லை. திறந்துவிட்டால் அதுவும் உங்கள் போத்தல் பால் மாதிரித்தான், பிறிட்ஜுக்குள் வைத்துச் சில நாளில் முடித்துவிட வேண்டும்.